மலையில் சைகை மொழிபெயர்ப்பாளர்: மருத்துவமனைக்கு முன்கூட்டியே எழுதுவது எப்படி

"சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கும் தாள் எந்த மருத்துவமனையிலும் மேஜையை விட்டு நகர்வதில்லை. உதவ நினைக்கும் அலுவலருக்குக்கூட அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது, எவ்வளவு நேரம் இருக்கச் சொல்வது, எந்தெந்த அறைக்கு, கட்டணம் யார் கொடுப்பது? இவற்றுக்கெல்லாம் கடிதத்திலேயே பதில் இருந்தால் அது ஒரு வேலையாக மாறும். இல்லையென்றால், "வீட்டு ஆள் யாராவது கூட வரட்டும்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் பல நேரம் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வரவேண்டியிருக்கும். ஆகவே இங்கே எழுதும் கடிதம் ஓர் ஆளைக் கேட்பதோடு நிற்க முடியாது. அந்த நாளின் நேரங்களையே மாற்றித் தரும்படி கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். அங்கே முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், பிறவியிலிருந்தே காது கேளாதவர். சமவெளியில் சிறப்புப் பள்ளி விடுதியில் சில வருடம் படித்தவர். பித்தப்பையில் கல் இருக்கிறது, அடிக்கடி வலி வருகிறது. உதகையில் ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்குப் பேசியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு நாள் போய் ஸ்கேன் எடுத்து, அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்து, மயக்க டாக்டரிடம் ஃபிட்னெஸ் வாங்கி வரவேண்டும். தேதி மூன்று வாரம் கழித்து. அந்த ஒரு நாளுக்கான ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எந்தச் சைகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

காது கேளாதவர் எல்லோருக்கும் ஒரே சைகை மொழி தெரியும் என்று மருத்துவமனையில் நினைக்கிறார்கள். மலை ஊர்களில் அப்படி இல்லை. பள்ளி விடுதியில் மற்ற காது கேளாத பிள்ளைகளோடு வளர்ந்தவருக்கு இந்தியச் சைகை மொழி நன்றாக வரும். பள்ளிக்கே போகாமல் ஊரிலேயே இருந்த பெரியவருக்கு வீட்டுச் சைகைதான் தெரியும். அது அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் புரிவது. ஒரு வீட்டில் சந்தைக்குக் கூடை தூக்கும் அசைவே சந்தை நாளுக்கும் பெயராக இருக்கலாம். கோவையிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு அது தெரிய வழியில்லை.

நம் உதாரணப் பெண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். பள்ளியில் கற்றது நினைவிருக்கிறது, ஆனால் ஊர் திரும்பிப் பல வருடம் ஆனதால் வீட்டுச் சைகை நிறையக் கலந்திருக்கிறது. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரும், வீட்டுச் சைகை தெரிந்த தங்கையோ அண்ணியோ ஒருவரும் சேர்ந்து இருப்பதுதான் சரி. மொழிபெயர்ப்பாளர் சொன்னது எங்கே இடறுகிறதோ அங்கே மட்டும் வீட்டு ஆள் கை கொடுப்பார். வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்தவர் என்றால், காது கேளாத ஒருவரையே இன்னொரு மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொள்வது நல்ல பலன் தரும். உடலாலும் முகத்தாலும் படம் வரைந்தும் ஒரு விஷயத்தை விளக்குவதில் அவர்களுக்கு உள்ள திறமை கேட்கும் திறன் உள்ளவர்களுக்கு எளிதில் வராது.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் முடிவானதும், நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பத்து நிமிடம் வீடியோ அழைப்பில் இருவரையும் பேச விடுங்கள். நோயாளி தன் ஊர், குடும்பம், வலி எப்போது வருகிறது என்பதைச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல, வீட்டு ஆள் கேட்டுச் சரிபார்க்கட்டும். நோயாளி சும்மா தலையாட்டிக்கொண்டே இருந்தால், ஒரே சைகையை மூன்று நான்கு தடவை திருப்பிச் செய்யவேண்டி வந்தால், அந்த ஜோடி ஒத்துவரவில்லை என்று அர்த்தம். வேறு ஆளைத் தேட அப்போதும் நேரம் இருக்கும்.

"எனக்குச் சைகை தெரியும்" என்று சொல்பவர் எல்லோரும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கும் பள்ளிகளில் வேலை செய்த ஆசிரியருக்கு இந்தியச் சைகை மொழி சரளமாக வராமல் போகலாம். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் இருக்கிறதா, இதற்கு முன் மருத்துவமனையில் மொழிபெயர்த்திருக்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை. டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இந்தப் பட்டயப் படிப்பை நடத்துகிறது.

கடிதம் யாருக்கு, எப்போது

தேதி கிடைத்த அன்றைக்கே எழுதுங்கள். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் மலைக்கு ஆள் கிடைப்பது கடினம். முன்பதிவு கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. அன்று கவுண்டரில் இருந்தவர் அடுத்த வாரம் வேறு ஷிஃப்டில் இருப்பார். அரசு மருத்துவமனை என்றால் கடிதம் கண்காணிப்பாளருக்கோ நிலைய மருத்துவ அலுவலருக்கோ போகவேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் பெயருக்கு. தனியார் என்றால் நிர்வாக அலுவலருக்கு எழுதி, நோயாளிகள் தொடர்புப் பிரிவுக்கு ஒரு நகல். எல்லாவற்றுக்கும் மேல், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல் கட்டாயம் அனுப்புங்கள். நீலகிரிக்கு அந்த அலுவலகம் உதகையில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் பலருக்கு மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவதென்றே தெரியாது. அந்த அலுவலகத்தைக் கேட்கலாம் என்ற வழியை நீங்கள்தான் காட்டவேண்டும்.

நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு 'பெறப்பட்டது' முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பதில் வரும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள்.

நம் உதாரணப் பெண்ணுக்கான கடிதம் இப்படி இருக்கலாம்:

> ஐயா / அம்மா,
>
> நான் பிறவியிலிருந்து காது கேளாதவர். என் தனித்துவ அடையாள அட்டையின் நகல் இணைத்துள்ளேன். என் ஓ.பி. எண் ……. வரும் …… ஆம் தேதி பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
>
> நான் இந்தியச் சைகை மொழியில் பேசுவேன். தமிழ் சிறிதளவே படிப்பேன், ஆகவே எழுதிக் காட்டுவது எனக்குப் போதாது. கீழ்க்கண்ட இடங்களில் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்: ஸ்கேனுக்கு முந்தைய விளக்கம், அறுவை சிகிச்சை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், ஒப்புதல் படிவ விளக்கம். பெண் மொழிபெயர்ப்பாளராக இருந்தால் நல்லது.
>
> மொழிபெயர்ப்பாளர் கோவையிலிருந்து வரவேண்டியிருப்பதால், இந்த நான்கையும் அன்று காலை 11 மணிக்கு மேல் தொடர்ச்சியாக அமைத்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். மொத்தம் நான்கு மணி நேரம் ஆகலாம்.
>
> நேரில் வர முடியாவிட்டால் வீடியோ மூலம் மொழிபெயர்க்க, இணைய வசதியுள்ள அறை ஒன்று வேண்டும்.
>
> மொழிபெயர்ப்பாளரின் கட்டணமும் பயணச் செலவும் மருத்துவமனை ஏற்குமா என்பதை …… ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். குரல் அழைப்பு வேண்டாம். வாட்ஸ்அப் செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பவும்.

"எழுதிக் காட்டுவது போதாது" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். காது கேளாதவருக்கு எழுதிக் காட்டினால் போதும் என்று பல டாக்டர்கள் நம்புகிறார்கள். சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி, அதன் இலக்கணமே வேறு. 'உண்ணாநிலை', 'ஒவ்வாமை' மாதிரிச் சொற்கள் அவர் கண்ணில் பட்டே இருக்காது. அதேபோல் "குரல் அழைப்பு வேண்டாம்" என்ற வரி இல்லாவிட்டால் மருத்துவமனையிலிருந்து போன் வரும், யாரும் எடுக்க மாட்டார்கள், "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

கட்டணத்தைப் பற்றிய வரியையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். பலரும் இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, கடைசி நாளில் மொழிபெயர்ப்பாளரும் மருத்துவமனையும் ஒருவரை ஒருவர் பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். மணிக்கணக்கா நாள் கணக்கா, பேருந்துக் கட்டணம் தனியா, முந்தின நாள் ரத்தானால் என்ன என்பதையெல்லாம் மொழிபெயர்ப்பாளரிடமும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் எதைச் சுட்டுவது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் "மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்க வேண்டும்" என்று நேரடியாக ஒரு வரி கிடையாது. இல்லாத வரியை இருப்பதாகச் சொல்லி வாதாடினால், சட்டம் தெரிந்த அலுவலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். இருப்பதை வைத்தே வலுவாகக் கேட்க முடியும். பிரிவு 25, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமை தரவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. 'தடை' என்றால் என்ன? பிரிவு 2, தகவல் தொடர்பில் வரும் தடையையும் அதில் சேர்க்கிறது. 'தகவல் தொடர்பு' என்பதற்கான விளக்கத்தில் சைகை மொழியின் பெயரே இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து இரண்டே வரியில் கடிதத்தின் அடியில் எழுதினால் போதும். சாய்வுப்பாதை போடுவதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகத்துக்கு இது உறைக்கும்.

இன்னொன்று, ஒப்புதல் பற்றியது. எங்கள் பார்வையில் இதுதான் மருத்துவமனையை அசைக்கும் வாதம். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றைச் சொல்லி நோயாளியிடமே ஒப்புதல் வாங்கவேண்டும் என்றது. நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. காது கேளாமை ஒருவருடைய முடிவெடுக்கும் திறனைப் பறிப்பதில்லை. ஆகவே அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது டாக்டருக்கே பாதுகாப்பாக இருக்காது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், "டாக்டர், உங்க ஒப்புதல் படிவம் சரியா இருக்கணும்னுதான் கேக்குறோம்" என்று சொல்லிப் பாருங்கள். கதவு திறக்கும்.

"அண்ணா, நீங்களே சொல்லிடுங்க"

கடிதம் எல்லாம் கொடுத்த பிறகும் அன்றைக்கு நர்ஸ் இப்படித்தான் ஆரம்பிப்பார். அவர் மேல் குற்றமில்லை, ஓ.பி.யில் கூட்டம் நிற்கிறது. ஆனாலும் அண்ணன் ஏன் போதாது என்பதைப் பித்தப்பைக் கதையிலேயே பார்க்கலாம்.

டாக்டர் சொல்வது இது: வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, வாயுவால் வயிற்றை உப்பவைத்து, பித்தப்பையை எடுப்போம். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் பாதியில் வயிற்றைத் திறந்து செய்யவேண்டி வரலாம். பித்தக்குழாயில் காயம் படும் அபாயம் கொஞ்சம் உண்டு. முடிந்த பிறகு ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி இருக்கும், அது உள்ளே மிச்சமிருக்கும் வாயுவால் வருவது. இத்தனையையும் கேட்டுவிட்டு அண்ணன் தங்கையிடம் காட்டுவது: "ஆபரேஷன், சின்னது, பயப்படாதே." அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். விளைவு என்ன? மயக்கம் தெளிந்ததும் தோளில் வலி, வயிற்றில் பெரிய கட்டு. என்ன நடந்தது என்று கேட்கவும் முடியாமல் அந்தப் பெண் பதறிப்போவார்.

மயக்க டாக்டர் கேட்கும் கேள்விகளில் கடைசி மாதவிலக்கு எப்போது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பவையும் இருக்கும். அண்ணன் வழியாக அதற்கு எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்வாரா? கடிதத்தில் பெண் மொழிபெயர்ப்பாளர் கேட்டதற்கு இதுதான் காரணம். பத்து வயது மகனையோ மகளையோ மொழிபெயர்க்கச் சொல்வது இன்னும் மோசம். அதை யாரும் ஏற்கவே கூடாது.

தலையாட்டுவதை நம்பாதீர்கள் என்று டாக்டரிடமும் சொல்லிவையுங்கள். காது கேளாதவர் பலர் வாழ்நாள் முழுக்கப் புரியாதபோதும் தலையாட்டிப் பழகியிருக்கிறார்கள், எதிரில் இருப்பவர் எரிச்சலடையாமல் இருப்பதற்காக. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "ஆபரேஷன் அன்னைக்கு எத்தனை மணிக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதும்மா?" என்று கேட்டால்தான் தெரியும். பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரமும், தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி கேட்பார்கள். உங்கள் மயக்க டாக்டர் வேறு கணக்குச் சொல்லலாம், அவர் சொல்வதே கணக்கு. இந்த ஒரு தகவல் தவறிப்போய், விடிகாலையில் டீ குடித்துவிட்டு வந்ததால் அறுவை சிகிச்சை தள்ளிப்போவது உண்டு. நோயாளி தன் கையாலேயே நேரத்தைத் திருப்பிச் சொல்லும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட் ரோடும் கடிகாரமும்

கோவையிலிருந்து உதகைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான். ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் வளைவுகள். பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அரசு மருத்துவமனையின் ஓ.பி.யோ காலையோடு முடிகிறது. எட்டு மணிக்கு டோக்கன் போட்டால் மொழிபெயர்ப்பாளர் விடியுமுன் கிளம்பவேண்டும். அதனால்தான் கடிதத்தில் 11 மணி என்று எழுதச் சொன்னோம். டோக்கனை வீட்டு ஆள் காலையிலேயே வாங்கிவைக்கலாம், ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் அதற்குள் முடியலாம். விளக்கம் அதிகம் தேவைப்படாத வேலைகளை முன்னாலும், பேச்சு நிறைந்த வேலைகளைப் பின்னாலும் வைப்பதுதான் சூட்சுமம்.

மொழிபெயர்ப்பாளர் சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. பிறகு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் வந்தது. `epass.tnega.org` தளத்தில் முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள், அப்போது நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடும். அந்த மாதங்களில் தேதி விழுந்தால் வீடியோ ஏற்பாட்டையே முதல் திட்டமாக வைப்பது நல்லது, அல்லது மொழிபெயர்ப்பாளர் முதல் நாள் மாலையே வந்து தங்கவேண்டும். கொடைக்கானல் ஆட்களுக்கும் இதே கணக்குத்தான், வத்தலக்குண்டு காட் ரோட்டை வைத்துப் போட்டுக்கொள்ளவேண்டும்.

வீடியோவை நம்புவதற்கு முன் ஒரு நாள் அந்த அறைக்கே போய்ப் பாருங்கள். பழைய கட்டடங்களில் சுவர் தடிமனாக இருக்கும், உள்ளே சிக்னல் இரண்டு கோடுதான் காட்டும். குரலுக்கு அது போதும். சைகைக்குப் போதாது, படம் உறைந்தால் ஒரு சொல் போய்விடும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வைக்கவேண்டும். நோயாளியின் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை படத்தில் வரவேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கைகள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சின்ன போன் திரையைவிட டேப்லெட் நல்லது.

அறைக்குள் போன பிறகு

ஓ.பி. சீட்டின் மேல் சிவப்பு மையில் "காது கேளாதவர், பெயர் சொல்லி அழைக்காமல் நேரில் வந்து தோளைத் தொடவும்" என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் கூப்பிட்டது தெரியாமல் முறை தவறிப் போவது தினமும் நடக்கிறது.

டாக்டருக்குப் பக்கத்தில் அரை அடி பின்னால் மொழிபெயர்ப்பாளர் உட்காரவேண்டும். அப்போதுதான் நோயாளி டாக்டரின் முகத்தையும் மொழிபெயர்ப்பாளரின் கைகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார், டாக்டரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார். அரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் மொழிபெயர்த்தால் தரம் குறையும். மருத்துவமனையில் காத்திருப்பு நடுநடுவே வருவதால் ஒருவரே சமாளிக்கலாம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் விடாமல் நான்கு மணி நேரமும் ஓட்டாதீர்கள்.

ஸ்கேன் அறைதான் பலரும் மறக்கும் இடம். அல்ட்ராசவுண்டுக்கு விளக்கை அணைப்பார்கள், இருட்டில் சைகை தெரியாது. "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே போவார்கள். விளக்கு அணையும் முன்பே ஒரு குறிப்பைப் பேசிக்கொள்ளவேண்டும்: தோளில் ஒரு தட்டு என்றால் மூச்சை இழுத்துப் பிடி, இரண்டு தட்டு என்றால் விடு. விளக்கு எரியும்போதே இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஸ்கேன் எடுப்பவர் இதற்கு மறுப்பதில்லை, படம் தெளிவாக வந்தால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

அறுவை சிகிச்சை நாளைப் பற்றி மயக்க டாக்டரிடம் அன்றே மூன்று விஷயம் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். மருந்து ஏற்ற நரம்பில் போடும் வென்ஃப்ளான் ஊசியை நோயாளி அதிகம் சைகை செய்யாத கையில், முடிந்தால் மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் போடவேண்டும். வலது கையின் மணிக்கட்டில் ஊசியும் பட்டையும் போட்டுக் கட்டிவிட்டால் பேச்சையே கட்டியதாகிவிடும். கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் மயக்கம் கொடுக்கும் கடைசி நிமிடம் வரை கழற்றக் கூடாது, தெளிந்ததும் முதலில் அதைத்தான் தரவேண்டும். தெளியும் நேரத்தில் மொழிபெயர்ப்பாளரையோ வீட்டு ஆளையோ ரெக்கவரி அறைக்குள் விடவேண்டும். தியேட்டரில் எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள் என்பதை நோயாளியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்பவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

ஒப்புதல் படிவத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, நேரம் இருக்கட்டும். அச்சிட்ட இடம் இல்லாவிட்டால் "இந்தியச் சைகை மொழியில் விளக்கப்பட்டது" என்று கையால் எழுதிப் போடலாம். அவர் சாட்சி இல்லை, சாட்சிக் கையெழுத்தை வேறு ஒருவர்தான் போடவேண்டும்.

ஆள் வரவில்லை என்றால்

பத்து நாளுக்குள் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம். அரசு மருத்துவமனை என்றால் அங்கே குறைகளைக் கேட்கும் அலுவலர் யார் என்று கேட்டு, அவர் பெயருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் முத்திரை போட்ட நகலோடு மனுக் கொடுக்கலாம். அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

அன்றைய நாளே மொழிபெயர்ப்பாளர் வராமல் போய், வீடியோவும் கைகொடுக்கவில்லை என்றால்? ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஸ்கேன் வரை முடித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாமல் வேறு தேதி கேளுங்கள். வலி அடங்கியிருக்கும் பித்தப்பைக் கல்லுக்குச் சில நாள் தள்ளிப்போவது பொதுவாகப் பெரிய கேடு இல்லை, ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், கண் மஞ்சளாவது, வலி நிற்காமல் இருப்பது என்றால் காத்திருக்கக் கூடாது. அப்போது அது அவசரச் சிகிச்சை, கிடைத்த ஆளையும் கிடைத்த வீடியோவையும் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

எல்லாம் நன்றாக முடிந்தாலும் இறங்குவதற்கு முன் அடுத்த கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அட்மிஷன் அன்று, டிஸ்சார்ஜ் அன்று, தையலைப் பார்க்க வரும் அன்று என மூன்று தேதிக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் மாத்திரை நேரங்களைப் படம் போட்டுக் காட்டச் சொல்லலாம். அதைவிட முக்கியமாக, வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது என்று கேட்டு, அந்த எண்ணை வார்டிலிருந்தே வாங்கி, அங்கேயே ஒரு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் அச்சிட்டிருக்கும் அவசர எண் பெரும்பாலும் குரல் அழைப்புக்கு மட்டும்தான்.